சிங்கப்பூருக்கு அனுப்பிய லிங்க்

அந்த யோசனை திங்கள் காலை மட்டக்குளி பஸ்ஸில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போதுதான் வந்தது. சிங்கப்பூர் கம்பனி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் பெண், அங்குள்ள வேலை ஒன்றைப் பற்றி "இந்தக் கிழமை எப்போது பேசலாம்?" என்று மின்னஞ்சல் போட்டிருந்தார். நேரங்களை ஏன் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்? என் கலண்டரோடு இணைந்த லிங்க்கைக் கொடுத்தால், விரும்பிய நேரத்தை அவரே எடுத்துக்கொள்வார். கொட்டாஞ்சேனையில் இறங்குமுன் அனுப்பிவிட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

புதன் காலைவரை பதில் இல்லை. வெள்ளியோடு அந்தக் கிழமை முடிந்துவிடும். வேலையும் கைவிட்டுப் போய்விடும்.

முதலில் அவரைத்தான் சந்தேகித்தேன். போலி ஆளோ? முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், கம்பனி முகவரிதான். வேறு யாரையாவது எடுத்துவிட்டார்களோ? பிறகு லிங்க்கின்மேல் சந்தேகம். வெளியாள் பார்ப்பதுபோலத் திறந்து பார்த்தேன். நன்றாகவே திறந்தது. ஆனால் கிழமை முழுக்க, காலையிலிருந்து மாலைவரை, எல்லா நேரமும் வெறுமையாகக் கிடந்தது. நான் வேலைசெய்யும் கந்தோர் நேரம் என் சொந்தக் கலண்டரில் இல்லையே! மனேஜருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்திலெல்லாம் நான் சும்மா இருப்பதாக அது சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தையில் என்னோடு அறையைப் பகிர்பவளும் ஒரு கம்பனிக்கு ஆள் எடுப்பவள்தான். பொரித்த ரொட்டியைக் கடித்தபடி சிரித்தாள்.

"தெரியாத ஆள் அனுப்பின லிங்க்கை நான் அமத்துவனே? உனக்கு விசரே?"

"லேசுதானேடி? நேரத்தைத் தெரிஞ்செடுத்து, பேரையும் ஈமெயிலையும் போட்டால் சரி."

"ஆருக்கு லேசு? உனக்கு! நேர்முகத்தில இருக்கிற என்ர ரெண்டு மனேஜர்மாருக்கும் அந்த நேரம் சரிவருமோ எண்டு உன்ர லிங்க்குக்குத் தெரியுமே? நான் அவையின்ர கலண்டரைப் பாக்கவேணும். மெயிலிலேயே மூண்டு நேரம் எழுதியிருந்தால், ஃபோனில பாத்த உடன ஒண்டை எடுத்து இன்வைட் அனுப்பிடுவன்."

"அப்ப லிங்க்கே கூடாதோ?"

"அவ தன்ர லிங்க்கை அனுப்பினால் உடன அதில புக் பண்ணு. அவ எப்ப வசதியெண்டு கேட்டால் நேரத்தைச் சொல்லு, மகாராணி."

இவளையும் முழுதாக நம்பவில்லை. தன் ஆட்களுக்குத்தானே பரிந்து பேசுவாள். என்றாலும், எப்போது என்று கேட்டவருக்கு நான் எந்த நேரமும் சொல்லவில்லை என்பது உறைத்தது.

இப்போது புது மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். வியாழன் காலை கந்தோருக்கு முன் ஒரு நேரம், அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் ஒன்று, வெள்ளி காலை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிங்கப்பூர் நேரம். அவர்களுக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தி. பதில் வரும்வரை மூன்றிலும் வேறு எதையும் வைக்கப்போவதில்லை. இவை சரிவராவிட்டால் அவருடைய லிங்க்கைத் தரும்படி ஒரு வரி. என் லிங்க்கையும் அடியில் ஒளித்து வைத்துவிட்டேன். வேண்டாம். அதை அழித்துவிட்டு, இப்போதே அனுப்பிப் பார்க்கப்போகிறேன்.