இரண்டாவது சிம்மிலிருந்து போன மெசேஜ்

விடிவதற்கு முன்பே வேனைக் கிளப்புகிறவளுக்கு மெசேஜ் தட்டிக்கொண்டிருக்க எங்கே நேரம்? அதனால் முதல் நாள் சாயங்காலமே எல்லாருக்கும் எழுதி, காலையில் தானாகப் போகும்படி நேரம் வைத்துவிடுவேன். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கம்பெனிக்குப் போகும் பெண்களை முதலில் இறக்கிவிட வேண்டும். அப்புறம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் மூன்று பேரைச் சுங்கை பட்டாணி டவுனில் இருக்கும் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். கம்பெனி ஷிப்ட் மாறினால் எல்லாருடைய நேரமும் மாறும். வாட்ஸாப்பில் போட்டால் பாதிப் பேர் டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். எஸ்எம்எஸ்தான் எனக்குக் கைகொடுத்தது.

என் ஃபோனில் இரண்டு சிம். முதலாவது பழைய பிரிபெய்ட் நம்பர், எல்லாருக்கும் தெரிந்தது. அதில் மெசேஜ் ஒன்று போனாலே காசு வெட்டும். இரண்டாவது, இன்டர்நெட்டுக்காக மாதாமாதம் கட்டுகிற பேக்கேஜ். உள்நாட்டு அழைப்பும் மெசேஜும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். இலவசமாகக் கிடப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். டாப் அப் போட்ட கை காய்வதற்குள் கிரெடிட் தீர்ந்துவிடும்.

அதிலும் ஒரு பெரியவருக்கு மட்டும் மற்றவர்களைவிட அதிகம் வெட்டியது. மூன்று நோயாளிகளில் அவர் ஒருத்தர். ரப்பர் வெட்டி, செம்பனை வெட்டி ஓய்ந்தவர். தோட்டத்துப் பழைய லயத்து வரிசை வீட்டில் மகனோடு இருந்தார். பட்டன் ஃபோன் வைத்திருந்தார், அதில் தமிழ் தெரியும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதினால் அவருக்குப் படிக்க வராது. தமிழ் எழுத்தில் அனுப்பினால் ஒரு மெசேஜுக்கு எழுபது எழுத்துதான் இடம். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் அதில் தனித்தனியாகக் கணக்கு. 'மாமா, இன்னைக்கு' என்று ஆரம்பித்து, சாப்பிட்டு வாங்க, துண்டு எடுத்துக்குங்க என்று நான் பாசத்தோடு முடிப்பதற்குள் அது மூன்று மெசேஜ் ஆகிவிடும். மூன்றுக்கும் காசு. பாசத்துக்கும் வரி போடுகிறான்கள் என்று எரிச்சலாக வரும்.

ஒரு நாள் பொறுமை போய், செட்டிங்கில் நுழைந்து, மெசேஜுக்கும் அழைப்புக்கும் இரண்டாவது சிம் என்று மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு எழுதிய மெசேஜ்களில் அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்தில் இரண்டு என்று காட்டியது. அப்பாடா என்றிருந்தது. வேனில் ஏறிய எல்லாரிடமும் சொன்னேன். பெண்கள் உடனே நம்பரைப் பதிந்துகொண்டார்கள்.

பெரியவரிடமும் சொன்னேன். "மாமா, இனிமே வேற நம்பர்லேர்ந்து மெசேஜ் வரும். நான்தான். பயப்படாதீங்க."

"சரி தாயி," என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவர் அதற்கு மேல் பேசமாட்டார்.

அடுத்த முறை அவரை ஏற்ற வேண்டியது வெள்ளிக்கிழமை. புது நம்பரிலிருந்து போகும் முதல் மெசேஜ். ஷிப்ட் மாறியதால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தேன். மெசேஜ் போய்ச் சேர்ந்தது என்று ஃபோன் காட்டியது. ஆனால் தோட்டத்து முச்சந்தியில் அவர் இல்லை. ஹார்ன் அடித்தேன். அழைத்தேன், எடுக்கவில்லை. இரவெல்லாம் மழை, லயத்துப் பாதை சேறு, வேன் இறங்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். மகனை அழைத்தேன். அவன் நைட் ஷிப்ட், கம்பெனியில் ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பின்னால் மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் மிஷின் காத்திருக்கிறது.

"போலாம்மா. நமக்கும் லேட்டாவுது லா," என்றார் அதில் ஒருவர். போனேன்.

மகன் வேலை முடிந்து வந்து கேட்டபோது, ஏதோ தெரியாத நம்பர் என்று மெசேஜை விட்டுவிட்டதாக அப்பா சொன்னாராம். மகன் சென்டரில் வேறு நேரம் கேட்டிருக்கிறான்; அவர்கள் சொன்ன எந்த நேரமும் அவருக்குத் தோதாக இல்லையாம். திங்கட்கிழமை போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை கால் வீங்கி, மூச்சு முட்டி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் போய், ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு மகன் என்னை அழைத்தான். "அக்கா, தெரியாத நம்பர்லேர்ந்து மெசேஜ் வந்தா தொடாதீங்க, ஸ்கேம்னு நான்தான் அப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லி வச்சிருக்கேன். பழைய நம்பர்லயே அனுப்பியிருக்கலாம்ல? முப்பது காசு மிச்சம் பிடிச்சீங்களே, இப்ப எங்க வந்து நிக்குது பாருங்க."

"தம்பி, நான் அவர்கிட்ட நேர்லயே சொன்னேன்பா."

"அவரு வயசானவரு அக்கா. ஞாபகம் வச்சிருப்பாரா?"

எனக்குக் கோபம் வந்தது. சொல்லியும் ஆயிற்று, அழைத்தும் ஆயிற்று, இன்னும் என்ன செய்ய? அப்படி வாதாடிக்கொண்டே வேன் ஓட்டினேன். ஆனாலும் அந்த மனுஷன் மூச்சுக்குத் தவித்தார் என்பது மனதை விட்டுப் போகவில்லை. கை கால் எல்லாம் அலுத்துப்போயிருந்தது. இந்த வேனை விற்றுத் தொலைத்தால் என்ன என்று நினைத்தேன்.

வார்டில் பார்த்தபோது தேறியிருந்தார். அவசரமாக டயாலிசிஸ் செய்து தண்ணீரை இறக்கியிருந்தார்கள். மகன் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, என் நம்பர் மாறினதாலதானே இவ்வளவும்? மன்னிச்சிருங்க," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "மெசேஜு வந்துச்சு தாயி."

"ஸ்கேம்னு நெனச்சு அழிச்சிட்டீங்களா?"

"இல்ல. படிச்சேன். மூணு தடவ படிச்சேன். துண்டு எடுத்துக்குங்கன்னு வேற யாரு எழுதுவா? நீ ஹார்ன் அடிச்சதும் கேட்டுச்சு." கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு நாளைக்குத்தான் தாயி அந்த மிஷின்ல போய்ப் படுக்கிறது? ஒரு நாளாச்சும் போகாம இருக்கலாமேன்னு தோணுச்சு. மகன் கேட்டா தெரியாத நம்பருன்னு சொல்லிக்கலாம். அவன் சொல்லிக் குடுத்ததுதானே."

இத்தனை நாளாக அவர் ஜன்னலைப் பார்த்தபடி வந்ததெல்லாம் கண் முன்னே வந்தது. திட்டலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது. அவர் களைப்பு எனக்குப் புரியாததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவன்கிட்ட சொல்லிடாத," என்றார்.

"சொல்லல மாமா."

ஃபோனை எடுத்து அவர் கண் முன்னாலேயே திறந்தேன். மற்ற எல்லாருக்கும் இரண்டாவது சிம்மே இருக்கட்டும். அவருடைய மெசேஜ் பக்கத்தில் மட்டும் முதல் சிம்முக்கு மாற்றினேன். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த டயாலிசிஸுக்கான மெசேஜைத் தமிழில், ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதி, காலைக்கு நேரம் வைத்தேன்.

"என்ன பண்ற?" என்றார்.

"உங்களுக்குப் பழைய நம்பர்லேர்ந்தே அனுப்புறேன்."

"காசு வெட்டுமே."

"வெட்டட்டும்."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "அப்போ இனிமே எனக்குச் சாக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றார்.

"இல்ல மாமா," என்றேன். "இனிமே வரணும்."