ஒரே ஒரு பங்கு

நாங்கள் வேலை செய்த பாண்டுப் ஆலையை விற்றுவிட்டதாகச் சொல்லி முதலாளி சேட் கதவை இழுத்து மூடினார். "புது முதலாளியைப் போய்க் கேளுங்க" என்று எங்களை விரட்டினார். புது முதலாளி யார் என்று யாருக்குத் தெரியும்? கதவில் ஒட்டிய நோட்டீஸில் ஒரு கம்பெனியின் பெயர் மட்டும்தான் இருந்தது. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

தொழிற்சங்கச் செயலாளர் சுனந்தா அக்கா விடவில்லை. அரசு இணையதளத்தில் கட்டணம் கட்டி, புதுக் கம்பெனியின் வருடாந்தரக் கணக்கோடு இருந்த பங்குதாரர் பட்டியலை எடுத்தாள். ஒரு பங்கு தவிர மற்றதெல்லாம் இன்னொரு கம்பெனி கையில். அந்தக் கம்பெனியின் பட்டியலில் சேட்டின் மனைவியும் மகனும்.

"வலது கையிலிருந்து இடது கைக்கு வித்திருக்கான், அயோக்கியன்!" என்று கத்தினேன்.

அக்காவின் விரல் முதல் பட்டியலில் இருந்த அந்த ஒற்றைப் பங்கின் மேலேயே இருந்தது. தனியார் கம்பெனிக்கு இரண்டு பங்குதாரராவது வேண்டும் என்பது சட்டம். அதற்காக நம்பிக்கையான ஆள் பெயரில் ஒரு பங்கைப் போட்டுவைப்பார்கள். அங்கே இருந்த பெயர் விலாஸ் காவ்டே. சேட்டின் டிரைவர், அக்காவின் புருஷன்.

போன் போட்டாள். "என்னங்க, சேட்டுக்கு எதுல கையெழுத்து போட்டீங்க?"

"ஏதோ பேப்பர்ல. பான் கார்டும் கேட்டாரு, குடுத்தேன். ஏன்டி?"

"அந்தப் பேரை மறைச்சிட்டு மத்தவங்களுக்குக் காட்டலாம் அக்கா" என்றேன்.

"மறைச்சா நானும் சேட்டும் ஒண்ணு."

ஆலை வாசலில் காத்திருந்த பெண்கள் முன்னால் போய் நின்றாள். "முதலாளி யாருன்னு கேட்டீங்கல்ல? ஒருத்தர் என் வீட்லதான் இருக்காரு."