வராதவர்களுக்கும் விளங்க வேண்டும்

கனடாவின் மொன்றியலுக்கு வந்த முதல் வருடத்திலேயே ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். வில்லரே பகுதியில் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைகளில் நடந்த தமிழ்ப் பள்ளி அது. பெற்றோரில் பெரும்பாலானவர்கள் யாழ்ப்பாணத்தவர்கள். திருச்சியிலிருந்து வந்திருந்த எனக்கு அவர்கள் பேச்சில் பாதி புதிது. கணினியில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரியும் என்று வாய்தவறிச் சொன்னதுதான் வினை. எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்கள்.

செயலாளரின் முக்கிய வேலை கூட்டக் குறிப்பு எழுதுவது. அதை நகலெடுத்துப் பிள்ளைகளின் பைகளில் வைத்து அனுப்ப வேண்டும். அப்போதெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பினால் ஒவ்வொரு வீட்டுக் கணினியிலும் எழுத்துரு வேறாக இருக்கும். அனுப்பிய தமிழ் கட்டம் கட்டமாகப் போய்ச் சேரும். ஆகவே காகிதம்தான்.

என் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு சிறு வகுப்பறையின் முன்வரிசைகளில் அடங்கிவிட்டார்கள். அன்று எடுத்த முடிவு பெரியது. அதுவரை வயதுப்படி இருந்த வகுப்புகளை, இனிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன்படி பிரிப்பது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியைதான் அதைக் கேட்டிருந்தார். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை கதைப்புத்தகம் வாசிக்கிறது, இன்னொன்று ஆனா ஆவன்னாவில் நிற்கிறது, இரண்டுக்கும் சேர்த்து எப்படிப் படிப்பிப்பது என்று அவர் கேட்டார். ஒரு தந்தை மட்டும் எழுந்து ஏதோ கேட்டார். கை தூக்கினோம். முடிந்தது.

பழைய குறிப்புகளைப் பார்த்து அதே நடையில் எழுதினேன். "வகுப்புகளின் மறுசீரமைப்பு குறித்து விரிவாக ஆராயப்பட்டு, உரிய நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது." எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நகலெடுக்கும் முன் அதைப் படித்தவர் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்த அக்கா. அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். சனிக்கிழமைகளில் அவருக்கு ஒரு தெப்பனேரில், அதாவது தெருமுனைப் பலசரக்குக் கடையில், கல்லாவில் வேலை. அதனால் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. அடித்தளத்தில் துணி துவைக்கும் அறையில் சந்தித்தபோது தாளை அவரிடம் கொடுத்தேன். இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்க, நின்றபடியே இரண்டு தரம் படித்தார்.

"வடிவான தமிழ். ஆனா என்ன முடிவெடுத்தனீங்கள்?"

"அதுதான் அக்கா, வகுப்பை மாத்தி அமைக்கிறாங்க."

"ஆரை எங்க மாத்தப் போகினம்? என்ரை பிள்ளையையும் மாத்துவினமோ?"

சொன்னேன். மகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தால் ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டி வரும் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த துண்டை அப்படியே கூடைக்குள் போட்டார்.

"பதினொரு வயசுப் பிள்ளையை அந்தச் சின்னன்களோடையோ? இது இந்தத் தாளில எங்க கிடக்கு?"

எங்கேயும் இல்லை. எனக்கே அப்போதுதான் உறைத்தது. நான் எழுதியதைக் கூட்டத்தில் இருந்தவர்களால் மட்டுமே புரிந்துகொள்ள முடியும். அவர்களுக்கோ அது தேவையே இல்லை.

அன்று மாலை மறுபடி எழுதினேன். என்ன முடிவு, ஏன் அந்த முடிவு, யார் என்ன மறுப்புச் சொன்னார்கள், எப்போதிலிருந்து, உங்கள் பிள்ளைக்கு என்ன மாறும், நீங்கள் என்ன செய்ய வேண்டும், சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்பது. ஒவ்வொரு முடிவுக்கும் இவ்வளவும். பெரிய சொற்களை எடுத்துவிட்டேன். கீழ்வீட்டு அக்காவிடம் மறுபடி காட்டினேன். படிக்கையில் அவர் ஒரே இடத்தில்தான் தடுக்கி நின்றார்.

"'வாசிப்புச் சோதனைக்கு நோட்டு கொண்டு வரவும்' எண்டு போட்டிருக்கு. நோட்டெண்டா காசே?"

"ஐயோ இல்லக்கா, எழுதுற நோட்டு!"

"அது கொப்பி!"

இருவரும் சிரித்தோம். கொப்பி என்று திருத்தினேன்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கர். நல்ல மனிதர், கூட்டம் சீக்கிரம் முடிவதை மிகவும் விரும்புபவர். தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறீர், தங்கச்சி. ஆனா இப்பிடி வெளிச்சமா எழுதினா சனம் வந்து சண்டை பிடிக்குமே?"

"நடந்ததைத்தானே எழுதியிருக்கேன், அண்ணை?"

"ஓம், ஓம். அதுதானே பிரச்சினை" என்று சொல்லிச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தாள் வீடுகளுக்குப் போன மறுநாளே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கோபமாகச் சிலர், மகிழ்ச்சியாகச் சிலர். கர்க்லாண்ட் புறநகரிலிருந்து பேசிய ஒரு தந்தை, தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த தாளில் முழுதாக வாசித்தது இதுதான் முதல் தடவை என்றார். பிறகு அரை மணிநேரம் மறுப்புச் சொன்னார்.

அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வகுப்புகளிலிருந்து நாற்காலிகளை இழுத்து வர வேண்டியிருந்தது. கீழ்வீட்டு அக்கா வேலையில் ஆள் மாற்றிவிட்டு வந்திருந்தார். பின்வரிசையில் நின்றவர்களைப் பார்த்த தலைவர், "பாத்தீரே?" என்று என் காதருகே சொன்னார்.

முதலில், சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்தேன். திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்டார். அன்று கேள்வி கேட்ட தந்தை எழுந்தார். தான் எதிர்த்ததாக எழுதியிருப்பது பிழை, கேள்வி மட்டுமே கேட்டதாகச் சொன்னார். உண்மைதான். திருத்தினேன். உடனே இன்னொருவர், "அப்பிடியெண்டா வகுப்பு மாத்திற முடிவையும் அடிச்சுவிடுங்கோ!" என்றார்.

"அது நடந்த விசயம். நடந்ததை அடிக்கேலாது" என்றார் தலைவர். "வேணுமெண்டா இண்டைக்குப் புதுசா ஒண்டை முன்மொழியுங்கோ."

குறிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு விவாதம். கீழ்வீட்டு அக்கா எழுந்தார்.

"ரீச்சர் சொன்ன காரணத்தை வாசிச்சனான். அது ஞாயம். ஆனா என்ரை மகள் தன்ரை சிநேகிதியளைப் பாக்கத்தான் இங்க வாறாள். சின்னன்களோடை இருத்தினால் அவள் வரமாட்டன் எண்டுவாள். பேந்து வாசிப்பு எங்கையிருந்து வரும்?"

ஆசிரியை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வாசிப்புக்கு மட்டும் பிரித்தால் என்ன என்று யாரோ தொடங்க, பேச்சு அங்கிருந்து வளர்ந்தது. முதல் மணிநேரம் திறன்படி வாசிப்புக் குழுக்கள். இடைவேளைக்குப் பிறகு எல்லோரும் தங்கள் வயது வகுப்பில். கர்க்லாண்ட் தந்தை முன்மொழிந்தார், கீழ்வீட்டு அக்கா வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன.

"ஏகமனதா..." என்று தலைவர் தொடங்கினார்.

"அண்ணை, எதிர்ப்பு யாராவது இருக்காங்களான்னு கேக்கணுமே?"

கேட்டார். ஒரே ஒரு கை உயர்ந்தது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியையின் கை. ஒரு மணிநேரம் போதாது என்பது அவர் எண்ணம். அறையில் ஒரு சங்கடமான சிரிப்பு ஓடியது. அவர் கையை இறக்காமல், வருட முடிவில் இதை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் அதற்குச் சம்மதித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தோம். ஆசிரியை என்னிடம் வந்தார்.

"என்ரை மறுப்பை எப்பிடி எழுதப் போறீங்கள்?"

என் கைப்பிரதியைக் காட்டினேன். "ஆசிரியை ஒருவர் எதிர்த்தார். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒரு மணிநேரம் போதாது என்றும், வருட முடிவில் இதை மறுபடி பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். சங்கம் அதற்குச் சம்மதித்தது." அவர் மெதுவாகப் படித்தார்.

"இதை இப்பிடியே போடுங்கோ. இண்டைக்கு வராத ஆக்கள் என்னைப் பிழையா விளங்கக் கூடாது."

அதற்குள் கீழ்வீட்டு அக்கா இரண்டு கோப்பைகளில் தேநீரோடு வந்து, ஒன்றை ஆசிரியையிடம் நீட்டினார். எந்தக் குழுவில் மகளைப் போடலாம், வீட்டில் எதை வாசிக்கப் பழக்கலாம் என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். நடைபாதையில் அந்த மகள் தன் தோழிகளோடு பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கையில் தாள்களும் மறு கையில் நாற்காலியுமாக நின்று, யாராவது கதவைத் திறந்துவிடக் காத்திருந்தேன்.