பதினேழு வரிச் சுவர்

பெரம்பலூர்-அரியலூர் ரோட்டில் அக்கா வாங்கிப் போட்டிருந்த கடைக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது மணி ஐந்தரை இருக்கும். மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் பூசாத எதிர்ச்சுவரில் சாய்ந்து கிடந்தது. செங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. "அக்கா, இந்தச் சுவரைப் பூசவே வேணாம், இப்படியே விட்டுடுங்க" என்று கத்திவிட்டேன். அக்கா எனக்கு உறவில்லை. பேக்கரி நடத்துகிறவர். இதைக் காபி கடையாக மாற்ற ஆசைப்பட்டார்.

"பூச வக்கில்லாம விட்டுட்டாங்கன்னு ஊரே பேசும் பாப்பா. என் மாமியார் முதல்ல பேசுவாங்க" என்றார். ஆனாலும் கண்ணை அந்தச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

சிவில் முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் செய்துகொண்டிருந்தேன். நான்கே நாளில் அந்தக் கடையை வரைந்துவிட்டேன். செங்கல் சுவர், மேலிருந்து தொங்கும் மணி பிளாண்ட் தொட்டிகள், நடுவில் நீள பெஞ்சு, ஜன்னலோரம் உயர ஸ்டூல், மூலையில் பிரம்பு சோபா, மஞ்சள் விளக்கு, சாயங்கால வெயில். போனில் அனுப்பினேன். "அழகா இருக்கு. ஆனா ஏதோ பொம்மை வூடு மாதிரி இருக்கே" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. "மேஸ்திரி கலவை போடுறாரு. நீயே வந்து சொல்லு, என்னால முடியல."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் மணலும் சிமெண்டும் உலர்வாகக் கலந்து குவிந்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் டிரம். மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"ஊரைச் சுத்தி சிமெண்ட் ஃபேக்டரி. உனக்குப் பூசாத சுவரு கேக்குதாம்மா?"

"படத்தைப் பாருங்கண்ணே."

பார்த்தார். செடியைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. சிமெண்ட் ஒட்டிய விரலால் திரையில் செங்கல் வரிசைகளைக் கீழிருந்து மேலே எண்ணிக்கொண்டே போனார்.

"சுவரு எத்தனை அடி?"

"பத்து."

"பதினேழு வரிதான் வருது. நம்ம கல்லுல முப்பத்து நாலு வரும். இவ்ளோ பெரிய கல்லை எந்தச் சூளையில சுட்ட?" விரல் பெஞ்சுக்கு வந்தது. "உட்கார்ற பலகை ரெண்டரை வரியில நிக்குது. அஞ்சு வரி இருந்தாத்தான் மனுசன் உட்காருவான். இது அங்கன்வாடிக்கா?"

கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவர் சொன்னது சரி. இணையத்தில் இறக்கிய செங்கல் படத்தை அளவு பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்தேன். பொம்மை வீடு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப பூசிடலாமா பாப்பா?" குரல் இறங்கிப்போயிருந்தது.

"அரை மணி நேரம் கொடுங்க."

"கலவையில தண்ணி ஊத்துனா அப்புறம் நிறுத்த முடியாது. ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம் தரேன்" என்றார் மேஸ்திரி.

தரையில் உட்கார்ந்து, சார்ஜரைச் செருகி, செங்கலைப் பாதியாகச் சுருக்கினேன். படத்தைப் புதிதாக உருவாக்கச் சொல்லி ஓடவிட்ட நேரம் பார்த்து கரண்ட் போனது. பேட்டரியில் லேப்டாப் நத்தையாகிவிட்டது. நிறுத்திவிட்டு, படத்தைச் சிறிதாக்கி, புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை என்று தரத்தைக் குறைத்து மீண்டும் ஓடவிட்டேன். கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. வெளியே டீ கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது. பேட்டரி ஒன்பது சதவீதம்.

மேஸ்திரி திரும்பி வந்தபோது கடைசிக் கட்டம் நிரம்பியது. மணல் தூவினாற்போல் ஒரு படம். அவர் மறுபடி எண்ணினார்.

"முப்பத்து நாலு" என்றார்.

"பாப்பா, இப்ப கடை பெருசாயிடுச்சு!" என்றார் அக்கா. கடையில் நான் ஓர் அடிகூடக் கூட்டவில்லை.

மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரை எடுத்தார். கலவையில் ஊற்றப் போகிறார் என்று எழுந்துவிட்டேன். அவர் சுவரில் வீசினார். தூசி வழிந்து கல் சிவந்தது. கூடவே அரைக்கல்லும் பிதுங்கிய கலவையும் கல்லுக்கு நடுவே கோணல் சந்துகளும் தெரிந்தன.

"படம் சரி. சுவரு இது. பூசத்தானே போறோம்னு கட்டினது. கல் சந்துகளைச் சுரண்டி, புதுக் கலவை வச்சு நிரப்பினா நிக்கும். ஆனா உன் படத்துல இருக்கற மாதிரி இருக்காது. அப்புறம் என் மேல பழி போடக் கூடாது."

அக்கா சுவரைத் தடவிப் பார்த்தார். "மத்த மூணையும் பூசுங்க. இதை நாளைக்கு மத்தியானம் வரைக்கும் விடுங்க. காலையில எங்க மாமியார் வர்றாங்க. அவங்க பார்த்து முகம் சுளிச்சா இதையும் பூசிடுங்க." பிறகு என்னிடம், "அவங்களுக்குப் படத்துல இந்தச் சுவரையே காட்டணும் பாப்பா, வேற எந்த ஊர்ச் சுவரையோ இல்ல" என்றார்.

நாளை ஆறரைக்கு அங்கே இருப்பேன். காலையில் அந்தச் சுவரில் வெயில் விழாது, வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். மேஸ்திரியின் டேப்பை ஓரமாகத் தொங்கவிட்டு, அளவும் தெரிகிற மாதிரி நேராக நின்று போட்டோ எடுத்து, அதையே படத்தின் சுவரில் ஒட்டப்போகிறேன். அரைக்கல்லையும் கோணல் சந்துகளையும் அழிக்காமல். சாயங்கால வெயிலை மட்டும் நான் போட்டுக்கொள்வேன். லேப்டாப்பை இப்போதே சார்ஜில் போட்டுவிட்டேன்.