உபவாசத்துக்கு முந்தின சாயங்காலம்

யூனிஸ் டீச்சருக்கு வாரத்தில் பிடிக்காத நாள் வியாழக்கிழமை. முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளிடம் "வீட்டுப்பாடம் எங்கே?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு, எண்பத்தேழாம் வருஷம் ரிட்டையர் ஆனவர். பம்மலில் சொந்த வீடு. இனி யாரையும் எதுவும் கேட்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை.

அவர்களுடைய சபையில் அந்த வருஷம்தான் பெண்களுக்கான வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஆரம்பித்தது. வியாழன் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வது. வெள்ளி காலை பத்து மணிக்குக் கோயிலில் கூடுவது. பாட்டு, வேதபாடம், ஜெபம். இரண்டு மணிக்கு முடிவு ஜெபம். அதுவரை தண்ணீர் மட்டும். அப்புறம் எல்லோரும் பின்னால் இருக்கும் கொட்டகையில் உட்கார்ந்து கஞ்சி குடித்து உபவாசத்தை முடிப்பார்கள். பயறு போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ள ஒரு துவையல். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, பட்டியல் போட்டு, கோயில் கதவில் ஒட்டினார்கள்.

மூன்றாவது வெள்ளியே கஞ்சி வரவில்லை. முறைக்காரர் மறந்துவிட்டார். நாற்பது பெண்கள் காலித் தட்டோடு உட்கார்ந்திருக்க, சர்க்கரை வியாதிக்காரரான தாயம்மாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, பெஞ்சில் சாய்ந்துவிட்டார். யூனிஸ் டீச்சர்தான் பேக்கரிக்கு ஆள் அனுப்பி பன் வாங்கி, டீயில் நனைத்து அவர் வாயில் வைத்தார். இனிமேல் மாத்திரை போடுகிறவர்கள் உபவாசம் இருக்கக் கூடாது, வந்து ஜெபித்தால் போதும் என்று அங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வகுப்பறைக் குரல் அது. எதிர்த்து யாரும் பேசவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. போதகர் சுந்தர்சிங் சிரித்துக்கொண்டே வந்து, "டீச்சர், நீங்களே முறைக்காரங்களுக்கு ஞாபகப்படுத்திட்டா நல்லது" என்று, பட்டியலும் விதிகளும் எழுதிய நோட்டை அவர் கையில் கொடுத்தார்.

எப்போது ஞாபகப்படுத்துவது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. ஞாயிறு ஆராதனையில் அறிவித்தால் திங்களுக்குள் மறந்துவிடுகிறார்கள். புதன் சொன்னால், "இன்னும் ஒரு நாள் இருக்கே" என்கிறார்கள். வெள்ளி காலை சொல்லிப் பிரயோசனமே இல்லை. பயறை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். ஆக, வியாழன் சாயங்காலம் ஐந்து மணி. அப்போது சொன்னால்தான் கடைக்குப் போகவும், பயறு பொறுக்கி வைக்கவும், பெரிய அண்டாவை யாரிடமாவது இரவல் வாங்கவும் நேரம் இருக்கும்.

அதிலும் ஒரு தலைவலி. வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை. பச்சைப் பசேலென்று காய்கறி வந்து குவிகிற நாள். வியாழன் சாயங்காலம் கடைகளில் கிடப்பதெல்லாம் வாடிப்போன கொத்தமல்லியும் சொத்தைக் கத்திரிக்காயும்தான். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டிலும் அதே பாட்டு.

"நாளைக்குச் சந்தை இருக்கே டீச்சர், காலையில போய் வாங்கிடறேனே?"

"சந்தைக்குப் போய் பஸ் பிடிச்சு வர்றதுக்குள்ள மணி பதினொண்ணு ஆகும். நீங்க எப்ப கஞ்சி வைக்கிறது, எப்ப ஜெபத்துக்கு வர்றது? இப்பவே கிளம்புங்க."

இதை வருஷத்துக்கு ஐம்பது தடவை சொன்னார். சில வீடுகளில் பையை எடுத்துக் கையில் கொடுத்து, தெருமுனை வரை கூடவே நடந்தார். "அரிசி மூணு கிலோ, பயறு ஒரு கிலோ, தேங்காய் நாலு" என்று ஒப்பிக்கச் சொன்னார். உபவாசத்தில் இருப்பவர் உப்புப் பார்க்க முடியாது என்பதால் வீட்டில் யார் ருசி பார்ப்பது என்பதுவரை கேட்டுக்கொண்டார். ஒருமுறை அதைக் கேட்க மறந்து, நாற்பது பேரும் கடல்தண்ணீர் மாதிரி ஒரு கஞ்சியைக் குடித்தார்கள்.

இரண்டாம் வருஷத்தில் வேறு விதமான தொல்லை முளைத்தது. மெட்டில்டா என்று ஒரு அம்மாள். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை. அவருடைய முறை வந்தபோது கஞ்சியோடு மசால்வடை வந்தது. அடுத்த வாரக்காரர் சும்மா இருப்பாரா? எலுமிச்சை சாதம், அப்பளம். அதற்கடுத்து வெஜிடபிள் பிரியாணி. கஞ்சி அண்டா எந்த வாரத்தில் காணாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டரைக்கு மேல் கொட்டகையிலிருந்து பட்டை கிராம்பு வாசனை வந்தால் முழங்காலில் இருக்கிறவர்களின் ஜெபம் தானாகவே சுருங்கியது. ஒன்றே முக்காலுக்கு, ஜெபத்துக்கு வராத ஆண்கள் இரண்டு மூன்று பேர் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு மணி பார்த்தார்கள்.

யூனிஸ் டீச்சர் போதகரிடம் போனார்.

"ஐயா, இது உபவாசமா, கல்யாண வீடா?"

"கூட்டம் எழுபதாயிருக்கே டீச்சர். ஆத்துமாக்கள் வர்றாங்களே."

"ஆத்துமா வரலை ஐயா. வயிறுதான் வருது."

போதகர் அடுத்த ஞாயிறு, "எளிமையாகக் கஞ்சி மட்டும் செய்யவும்" என்று அறிவித்தார். அந்த வெள்ளி கஞ்சி வந்தது. கூடவே நான்கு துவையல், மூன்று பொரியல், வத்தல், ஒரு பாயசம். செய்த அம்மாள் பெருமையாக, "கஞ்சிதான் டீச்சர் பண்ணியிருக்கேன்" என்றார்.  யூனிஸ் டீச்சர் வீட்டுக்கு வந்து கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து சௌந்தரியின் முறை. சௌந்தரியின் புருஷன் ஏசுதாசன் தோல் கம்பெனியில் கூலி. ஒரே அறை வீடு. ஐந்து மணிக்கு டீச்சர் போனபோது சௌந்தரி வாசலிலேயே நின்றிருந்தாள். இவர் வருவார் என்று தெரிந்துதான் நின்றிருக்கிறாள்.

"என் பேர அட்ச்சிடுங்க டீச்சர்."

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் கீது. அன்னிக்கு பாயசம்லாம் போட்டாங்க. நான் வெறுங்கஞ்சி எத்துகினு வந்தா இன்னா நெனைப்பாங்க? அவருக்கு வாரத்துல மூணு நாள்தான் வேல."

"கஞ்சிதாம்மா விதி. நோட்டுலேயே எழுதியிருக்கு பார்."

"விதி உங்க நோட்டுல கீது டீச்சர். அண்டாவுல இல்ல."

டீச்சர் நோட்டைப் புரட்டினார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: மூன்று வாரமாக சௌந்தரி ஜெபத்துக்கே வரவில்லை. முதல் வெள்ளியிலிருந்து தவறாமல் வந்தவள். எழுபது தலைகளை எண்ணிக்கொண்டிருந்ததில் அந்த ஒரு தலை இல்லாதது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தபோது, அதுவரை மற்றவர்கள் மேல் இருந்த எரிச்சலெல்லாம் தன் மேலேயே திரும்பியது. இந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போய் இவளைப் பயமுறுத்தியது யார்? அந்த வாரக் கஞ்சியை டீச்சரே வைத்தார். எட்டு பேர்கூட இரண்டாம் முறை கேட்கவில்லை. ஏமாற்றம் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த வியாழன் முறை மெட்டில்டாவுடையது.

ஐந்து மணிக்கு டீச்சர் கிளம்பினார். கையில் இரண்டு பெரிய பைகள். சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டுவைத்து, மாத முதல் ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பெண்கள் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் அந்த அரிசி அவர் பொறுப்பில்தான் இருந்தது. யாரையும் கேட்காமல் மூன்று கிலோ அளந்து எடுத்திருந்தார். பயறும் தேங்காயும் அவர் வாங்கியது.

மெட்டில்டா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் மல்லிகைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க டீச்சர், இவ்வளவு சுமையோட?"

"சௌந்தரி வீட்டுக்கு" என்றார் டீச்சர், நிற்காமல்.

"ஓ, இந்த வாரம் அவளா?"

இதற்கு டீச்சர் காது கேட்காதவர் போல நடந்துவிட்டார். வாழ்நாளில் எத்தனை பிள்ளைகளை இதே தப்புக்காகப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்! காது இரண்டும் சுட்டது. ஆனாலும் திரும்பவில்லை.

"இது நம்ம எல்லாரோட அரிசி. உன் வீட்டுது இல்ல, என் வீட்டுதும் இல்ல" என்று சௌந்தரியிடம் பைகளை வைத்தார். "நீ கஞ்சி மட்டும் வை. நான் தேங்காய் துருவறேன்."  சௌந்தரி முறத்தை எடுத்து அரிசியைப் புடைக்க உட்கார்ந்தாள்.

வெள்ளி இரண்டு மணிக்குக் கஞ்சி வந்தது. வெந்தயமும் பூண்டும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, பதமாகக் குழைந்திருந்தது. ஒரு புளித் துவையல். வேறு ஒன்றும் இல்லை. "பிரியாணி இல்லையா?" என்று பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. தாயம்மாள் மட்டும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மெட்டில்டா கோயில் கதவில் இருந்த பட்டியலைப் பார்த்துவிட்டார். கொட்டகைக்குத் திரும்பி வந்தார்.

"டீச்சர், இந்த வாரம் என் முறை. நீங்க ஏன் சொல்லல?"

எல்லோரும் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

"சொல்லியிருந்தா நீங்க கஞ்சி வெச்சிருக்க மாட்டீங்க."

"நான் ஆசையா செய்யறது உங்களுக்குப் பொறுக்கலையா? வேணும்னே மறைச்சீங்க."

"ஆமாம், மறைச்சேன். அது தப்புதான். ஆனா நீங்க ஆசையா செஞ்சதுல ஒருத்தி மூணு வாரமா ஜெபத்துக்கு வரலை. அதையும் யாராவது தப்புன்னு சொல்லுங்க."

சௌந்தரி தலையைக் குனிந்துகொண்டு அண்டாவைத் தேய்த்தாள். மெட்டில்டா அவளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் முப்பத்திரண்டு பேர். அதற்கடுத்து இருபத்தாறு. போதகர் வருத்தப்பட்டார். பிடி அரிசியைக் கேட்காமல் எடுத்தது பற்றியும் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். டீச்சர் நோட்டை அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார். நோட்டு போதகரின் மனைவி கைக்குப் போயிற்று. அவர் இரண்டு வாரம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். மூன்றாவது வாரம் கல்யாணம் ஒன்றுக்குப் போனவர் மறந்துவிட, இருபத்தாறு பேரும் பன் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை போதகரே டீச்சர் வீட்டுக்கு வந்து, நோட்டை நீட்டினார். பிடி அரிசியில் வாரம் மூன்று கிலோ கஞ்சிக்கு என்று கமிட்டி எழுதிக் கொடுத்த சீட்டும் அதற்குள் இருந்தது.

"இதை வேற யாராலும் முடியாது டீச்சர்."

"முடியும் ஐயா. யாரும் செய்யறதில்லை, அவ்வளவுதான்" என்று முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டார்.

பட்டியல் ஒரு சுற்று வந்து, மெட்டில்டாவின் முறை மறுபடி வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அவர் திரும்பவும் ஜெபத்துக்கு வரத் தொடங்கியிருந்தார். டீச்சரோடு மட்டும் பேசுவதில்லை. அந்த வியாழன் ஐந்து மணிக்கு டீச்சர் அரிசிப் பையோடு அவர் வீட்டுக் கேட்டைத் திறந்தார்.

"மெட்டில்டா, நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும்." பையை வாங்கி எடை பார்ப்பவர் போலத் தூக்கிப் பார்த்தார்.  "துவையல் ரெண்டு தினுசா பண்ணட்டுமா டீச்சர்?"

"ஒண்ணு."

"ஒரு சின்ன அப்பளமாவது?"

"மெட்டில்டா!"

"சரி சரி, கத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார். கடைக்குப் போக வேண்டும், பயறு வாங்க. டீச்சர் தெருமுனை வரை கூடவே நடந்தார். தனியாக விட்டால் அப்பளக் கட்டும் சேர்ந்து வந்துவிடும் என்று அவருக்குச் சந்தேகம்.