அவள் பெயரில் இருந்த ரம்மிக் கணக்கு

விழுப்புரத்தில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். எட்டு மாதமாகப் பேசாத மனைவி போன் செய்தாள்.

“யோவ், என் பேர்லதான் ரம்மி ஆடிக்கினு இருந்தியா?”

இணையத்தில் காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை வந்துவிட்டது. மீதியை எடுத்துக்கொள்ளும்படி கம்பெனி அவள் எண்ணுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. கணக்குத் திறக்கப் பான் கார்டு வேண்டும், என்னிடம் அது கிடையாது. கேஸ் மானியத்துக்கு என்று பொய் சொல்லி, அவள் கார்டையும் போட்டோவையும் ஏற்றிவைத்திருந்தேன்.

“திண்டிவனம் வந்து அந்தக் கணக்க முடிச்சிக் குடு” என்றாள்.

கூப்பிட்டாளே என்று பஸ் ஏறினேன். அப்படியே சேர்ந்துவிடலாம் என்றும் ஓர் எண்ணம்.

அவள் தாய்வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் மாமியார் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: “ரம்மி ராஜா வந்துட்டாரு, நாற்காலி போடு!”

அவள் நாற்காலி போடவில்லை. போனைத் தந்தாள். “மொதல்ல மூடு.”

“மூடிட்டா காசு மாட்டிக்கும்மே. எடுத்துட்டு அப்புறமா மூடலாம்.”

நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் இருந்தது. என் வங்கிக் கணக்கைப் போட்டேன். பான் கார்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று தள்ளிவிட்டது. இத்தனை நாள் ஆடியும் ஒருமுறைகூட அதிலிருந்து காசு எடுத்ததில்லை, அதனால் இது எனக்குத் தெரியாமலே போயிருந்தது. அவள் பாஸ்புக்கைக் கொண்டுவந்தாள்.

“நீ ஆடறதுக்கு அடகு வெச்ச என் கம்மல்ல ஒரு திருகாவது வருமாய்யா இதுக்கு?”

ஒரு மணி நேரத்தில் பணம் அவள் கணக்கில் ஏறியது. பிறகு கணக்கை மூடும்படியும் விவரங்களை அழிக்கும்படியும் உதவிப் பகுதியில் எழுதினேன். பதில் வந்தது. கணக்கு மூடப்பட்டது, அடையாளச் சான்றையும் பணப் பரிமாற்றப் பதிவையும் சட்டம் சொல்லும் காலம்வரை வைத்திருப்பார்கள், மற்றதை அழித்துவிட்டுச் செய்தி அனுப்புவார்கள்.

“அந்த போட்டோ?”

“அடையாளத்தோட சேந்தது. கொஞ்ச வருசம் இருக்கும்.”

அவள் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

“சிரி, நல்லா சிரின்னு சொல்லி எடுத்தியே. எனுக்குன்னு ஏதோ பண்றேன்னுதான் சிரிச்சேன்.”

அதற்குப் பிறகு சேர்ந்து வாழ்வதைப் பற்றி வாய் திறக்க எனக்குத் துணிவில்லை. “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

அழித்துவிட்டோம் என்ற செய்தி அவள் எண்ணுக்குத்தான் வரும். அதைச் சொல்ல அவள் என்னைக் கூப்பிடவேண்டிய அவசியம் இல்லை.

மறுநாள் காலை திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை இறக்க ஆள் கேட்டார்கள். போய் நின்றேன்.