துலா மேல் எண்ணிய இடி

பிள்ளைகளே, மின்னல் தெரிந்ததும் நான் வீட்டுக்குள் வந்துவிட்டு, பிறகு வாய்க்குள் எண்ணத் தொடங்குவதைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை ஒருமுறை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் உடம்பு சீக்கிரம் களைத்துவிடுகிறது. அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

உலக யுத்தம் நடந்த காலம். அரிசி பங்கீட்டுச் சீட்டுக்குத்தான் கிடைத்தது. தெல்லிப்பழைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். கிணறு நாலு குடும்பத்துக்குப் பொது. நாலு நாளைக்கு ஒருமுறை எங்கள் முறை வரும். விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை எங்களுக்கு, அடுத்த நாள் அடுத்தவருக்கு. காய்ச்சல் என்றாலும், செத்தவீடு என்றாலும் விட்ட முறை திரும்பி வராது. இடிக்குப் பயந்து இறங்கினாலும் அப்படித்தான்.

அது சித்திரை மாதம். மிளகாய் பூத்து நின்றது. பூக்கும் நேரத்தில் தண்ணீர் தவறினால் பூவெல்லாம் கொட்டிவிடும். அன்று காலையில் உங்கள் பெரியப்பா துலாவில் ஏறினார். துலா என்றால் ஆடுகால் என்ற இரட்டைக் கம்பத்தின்மேல் கிடக்கும் நீண்ட மரம். அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை, அதாவது தண்ணீர் அள்ளும் ஓலைக்கூடை, கீழே போகும், திரும்பி நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். நான் கிணற்றடியில் நின்று பட்டை கட்டிய கொடியைப் பிடித்துப் பட்டையை ஊற்றினேன். உங்கள் அம்மா மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிட்டாள்.

மத்தியானம் கழிந்ததும் தெற்கே கறுத்து மின்னியது. பெரியப்பா கால்களை நிறுத்தாமல் கேட்டார்:

“தம்பி, உது எவ்வளவு தூரம் இருக்கும்?”

அஞ்சாம் வகுப்பில் ஒரு கணக்குப் படித்திருந்தேன். மின்னலும் இடியும் ஒரே இடத்தில் ஒரே நேரம்தான் பிறக்கின்றன. வெளிச்சம் நம் கண்ணுக்கு வர நேரமே எடுக்காது. சத்தம் மெல்ல வரும். ஒரு மைல் வர ஏறக்குறைய அஞ்சு செக்கன் ஆகும். ஆகவே இடைவெளியை எண்ணி அஞ்சால் பிரித்தால் எத்தனை மைல் என்று தெரியும். எங்களில் யாரிடமும் மணிக்கூடு இல்லை.

“அண்ணை, உங்கடை அடியை எண்ணுங்கோ. உங்கடை நடைக்கு அடிக்கு ஒரு செக்கன் வரும்” என்றேன்.

அடுத்த மின்னலுக்கு அவர் எண்ணினார். “பத்து.”

“ரண்டு மைல்.”

“ரண்டு மைல் காணும், பயமில்லை. நான் களைச்சுப்போனன், ஆரும் ஏறுங்கோ” என்று அவர் இறங்கி, வரம்பில் போய்ப் படுத்துவிட்டார். காலையிலிருந்து நடந்த மனுஷன். எனக்கும் கைகள் மரத்துப் போயிருந்தன. இன்னும் பன்னிரண்டு பாத்தி காய்ந்து கிடந்தது.

பெரியப்பாவுக்குப் பதிலாக ஏறியது, அதுவரை வாய்க்கால் பார்த்து நின்ற உங்கள் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது இருபத்தாறு வயது, நல்ல பலசாலி. அவரை ஏறச் சொன்னது நான்தான். அடுத்த மின்னல் வந்தது. மாமா மேலிருந்து உரக்க எண்ணினார்.

“அத்தான், பதினஞ்சு!”

“மூண்டு மைல். போகுது” என்றேன்.

“போகட்டும். பெரியத்தானுக்குப் பயந்து வந்தது, என்னைக் கண்டு ஓடுது!”

பெரியப்பா படுத்தபடியே, “நடவடா, நட. வாயாலை தண்ணி வராது” என்றார்.

எனக்கு மனம் ஆறியது. பட்டை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது. பொழுதுபடுமுன் எல்லாப் பாத்தியும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அடுத்த மின்னலுக்குப் பன்னிரண்டு எண்ணினார். அதுவும் பெரியப்பாவின் பத்தைவிட அதிகம்தானே என்று நான் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால், கவலைப்படவும் தெம்பில்லை.

அப்போது அம்மா கத்தினாள்.

“இஞ்சருங்கோ! தம்பியை மெல்ல நடக்கச் சொல்லுங்கோ. அண்ணையின்ரை ஒரு பட்டைக்கு இவன்ரை ரண்டு பட்டை வருகுது, வாய்க்கால் உடைக்குது!”

கையில் நிறைந்த பட்டையோடு அப்படியே நின்றேன். ஒரு பட்டைக்கு இரண்டு பட்டை என்றால், ஒரு அடிக்கு இரண்டு அடி. பதினைந்து அடி பதினைந்து செக்கன் இல்லை, ஏழரைதான். பன்னிரண்டு, ஆறு. இடி போகவில்லை. இரண்டு மைலிலிருந்து ஒன்றரை, ஒன்றரையிலிருந்து ஒன்றேகால் என்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சத்தமும் மாறியிருந்தது. தூரத்து உருட்டல் போய், துணி கிழிவதுபோல ஒரு சத்தம் முன்னால் வந்தது. வெட்டைவெளித் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலே, துலாவில், மாமா நின்றார்.

“இறங்கு!”

“என்ன கதை கதைக்கிறியள் அத்தான்? பன்னிரண்டு எண்ணினனான்!”

“உன்ரை எண்ணிக்கை பிழை. இறங்கு.”

“அக்கா, உங்கடை மனுஷனுக்குக் கால் நடுங்குது!”

நான் கொடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பட்டை கீழே போகாவிட்டால் துலாவில் நடக்க முடியாது. மாமா முறைத்தபடி இறங்கினார். பெரியப்பாவை எழுப்பினோம். அம்மா வேலிப் பனையடிக்குத் திரும்பினாள்; கையைப் பிடித்து இழுத்தேன். தனி மரத்தடியில் நிற்பது மேட்டில் நிற்பதைவிட ஆபத்து. நாலு பேரும் ஒழுங்கை வழியே ஓடிப் பக்கத்துக் கல்வீட்டுக்குள் புகுந்தோம்.

உள்ளே மூச்சு வாங்கும்போது அது விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக. எண்ண இடமே இருக்கவில்லை. எட்டிப் பார்த்தால், எங்கள் வேலிப் பனையின் தலை புகைந்தது. ஓலை முளைக்கும் வட்டிலிருந்து அடிவரை ஒரு கீறல். கிணற்றடியிலிருந்து முப்பது பாகம், அறுபது யார்தான் இருக்கும்.

அது எப்படி விழுகிறது என்பதைப் பிறகு உங்கள் அக்காவின் விஞ்ஞானப் புத்தகத்தில் வாசித்தேன். உயர்ந்த கருமுகிலுக்குள் சிறு பனித்துணிக்கைகளும் ஆலங்கட்டிகளும் காற்றில் மேலும் கீழுமாக மோதுகின்றன. மோதும்போது மின்னேற்றம் பிரிகிறது. பாரம் குறைந்தவை ஒருவகை ஏற்றத்தோடு மேலே போகும், பாரமானவை மற்ற வகையோடு கீழே தங்கும். முகிலின் அடி கீழே இருக்கும் நிலத்தில் எதிர் ஏற்றத்தை இழுக்கிறது. அது தாங்க முடியாத அளவானதும் காற்றைப் பிளந்துகொண்டு பாய்கிறது, உயர்ந்து நிற்பதைத் தேடி. அந்த வழியில் காற்று ஒரு கணத்தில் பயங்கரமாகச் சூடேறி வெடித்து விரிகிறது. அதுதான் இடி. மின்னல் நீளமானது, கிட்டின பகுதியின் சத்தம் முதலிலும் எட்டின பகுதியின் சத்தம் பிறகும் வருவதால் தூரத்து இடி உருளுகிறது. இன்னொன்று: போன மின்னல் இரண்டு மைலில் என்றால் அடுத்ததும் அங்கேதான் விழும் என்றில்லை. பத்து எண்ணியபோதே நாங்கள் இறங்கியிருக்க வேண்டும். அது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் இறங்கியிருப்பேனா என்று சத்தியம் செய்யமாட்டேன்.

மழை நாலு துளிதான் போட்டது. மண்ணின் புழுதிகூட அடங்கவில்லை. இடி வடக்கே கடலுக்கு நகர்ந்து முடிந்தபோது பொழுது பட்டுவிட்டது. முறை போனது. பன்னிரண்டு பாத்தியும் காய்ந்தே கிடந்தன. நாலு நாளில் பூ வரம்பெல்லாம் கொட்டிக் கிடந்தது. அம்மா அதைக் கூட்டவில்லை.

அடுத்த முறையன்று மாமா துலாவில் ஏறுமுன் என்னிடம் வந்தார். பனையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“அத்தான், மின்னினால் நீங்கள் எண்ணுங்கோ. நான் நடக்கிறன், எண்ணமாட்டன்.”

“எண்ணிறதில்லை. மின்னினால் இறங்கிறது” என்றேன்.

“முறை?”

“போகட்டும்.”

அவர் ஏறினார். பட்டை கீழே போனது. அன்று முழுக்க வானம் வெளித்தே இருந்தது. இருந்தும் நான் ஒவ்வொரு பட்டைக்கும் தெற்கே பார்த்தேன்.